ஆலை நிலைமாற்றியின் முரலொலி

சிறிய ஆலைகளின் புறத்தே நிற்கும் நிலைமாற்றி எப்பொழுதும் முரன்றுகொண்டே இருக்கும். அதன் நடுவிலுள்ள அகணி மெல்லிய உருக்குத் தகடுகளை அடுக்கிச் செய்யப்பட்டது. காந்தப்படும்பொழுது அத்தகடுகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் நீண்டு சுருங்கும். மின்னோட்டம் செக்கனுக்கு 50 முறை சுழல்வதால், தகடுகள் 100 முறை அதிர்கின்றன. அந்த ஒலியே அதன் இயல்பு. நாளுக்குநாள் ஒலி உரத்து, எண்ணெயின் வெப்பமும் ஏறுமாயின், காரணம் தேடவேண்டும்.

சுமை மிகுந்தது என்றே பலரும் முதலில் எண்ணுவர். சுமை கூடினால் செப்புச் சுருள்கள் சூடாகும் என்பது மெய். மின்னோட்டம் கால்பங்கு கூட, அங்கு எழும் வெப்பம் அரைப்பங்குக்கு மேல் கூடும். ஆனால் அகணியின் ஒலி பெரும்பாலும் சுமையைச் சார்ந்ததன்று, மின்னழுத்தத்தையே சார்ந்தது. ஆகவே இரண்டையும் பிரித்தறிதல் கூடும்.

நெல் ஆலையொன்றில் 11,000 உவோற்றை 400 உவோற்றாகக் குறைக்கும் 100 கிலோ உவோற்று அம்பியர் நிலைமாற்றி உள்ளதெனக் கொள்வோம். அது தாங்கும் முழு மின்னோட்டம் ஏறத்தாழ 144 அம்பியர். முன்பு 120 அம்பியர் சுமையில் எண்ணெய் 68 பாகை காட்டியது; இப்போது அதே சுமையில், அதே வெயிலில், 75 காட்டுகிறது. மூன்று கம்பிகளிலும் மின்னோட்டம் ஒத்திருக்கிறது. மின்னழுத்தமும் 405 உவோற்றைத் தாண்டவில்லை. ஆகவே சுமையின்மீது பழி போட இடமில்லை.

இனி இரவே சாட்சி. ஆலை நின்றபின் இரண்டொரு விளக்குகள் மட்டுமே எரிய, ஒலி குறையவில்லை. விடியற்காலையில் வெளிக்காற்று 28 பாகை, எண்ணெய் 48. முன்பெல்லாம் அந்நேரத்தில் 38 பாகையே இருந்தது. சுமையின்றியும் வெப்பம் பிறக்கிறதென்றால், அது அகணியில் பிறக்கிறது. எண்ணெய் மட்டம் தாழ்ந்தாலும், குளிர்விக்கும் குழாய்களில் கசடு அடைத்தாலும் வெப்பம் ஏறலாம்தான்; ஆனால் அவை ஒலியை உரப்பிப்பதில்லை.

அகணியை இறுக்கும் முடுக்காணிகள் தளர்ந்திருக்கலாம் என்பதே வலுவான ஐயம். தளர்ந்த தகடுகள் ஒன்றோடொன்று உராய்ந்து நடுவிலுள்ள காப்புப் பூச்சைத் தேய்த்துவிடும். ஆணியைச் சூழ்ந்த காப்புக் குழலும் தேய்ந்துபோனால், இரும்புக்குள்ளேயே சுழல் மின்னோட்டம் ஓடி ஓரிடத்தைக் காய்ச்சும். இவ்வாறு காய்ந்த எண்ணெயில் எதிலீன் முதலிய வாயுக்கள் கரைந்திருக்கும். எண்ணெய் மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் அது வெளிப்படும். பட்டறையிலோ, சுமையின்றி முழு மின்னழுத்தம் கொடுத்து, உண்ணும் உவாற்றை அளந்து தொழிற்சாலைத் தாளிலுள்ள எண்ணோடு ஒப்பிடுவர்.

மின்னழுத்தம் 440 உவோற்றாக இருந்திருந்தால் கதை வேறு. அப்போது அகணி காந்தத்தால் நிறைந்து முரலும். படிமாற்றியை ஒரு படி நகர்த்தினாலே ஒலி தணியும். ஆனால் சாதாரண படிமாற்றியைத் திருப்புமுன், உயர் அழுத்தப் பக்கம் முற்றாகத் துண்டிக்கப்பட்டிருத்தல் வேண்டும்.