SOS பொத்தானை அழுத்தினால் யார் எடுப்பார்கள்?

கடந்த சில ஆண்டுகளில் வந்த பல கார்களில், பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியிலோ கூரை விளக்குக்குப் பக்கத்திலோ SOS என்று எழுதிய சின்னப் பொத்தான் ஒன்று இருக்கும். திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் கார் வைத்திருப்பவர்களைக் கேட்டால், "அதை அழுத்தினா 108 வந்துடும்" என்பார்கள். பெரும்பாலான கார்களில் அழைப்பு 108-க்கு நேராகப் போவதில்லை. டீ ஆறுவதற்குள் அது எங்கே போகிறது என்று சேர்ந்தே பார்த்துவிடுவோம்.

2019-ல் வந்த ஹூண்டாய் வென்யூவை எடுத்துக்கொள்வோம். இருங்காட்டுக்கோட்டையில் செய்த கார். அதன் புளூலிங்க் வசதிக்காக உள்ளேயே ஒரு சிம் பதித்திருக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் அந்த சிம் வழியாகக் கார் தானே பேசுகிறது. உங்கள் கைபேசி வேண்டியதில்லை. மறுமுனையில் எடுப்பவர் அந்தச் சேவையின் உதவி மைய ஊழியர். விவரம் கேட்டுக்கொண்டு ஆம்புலன்ஸுக்குச் சொல்ல வேண்டியவர் அவர்தான். உங்களுக்கும் 108-க்கும் நடுவில் ஒரு ஆள் இருக்கிறார் என்பதுதான் பலருக்கும் தெரியாதது.

ஐரோப்பாவில் இப்படி இல்லை. 2018 மார்ச் 31 முதல் அங்கே புதிதாக அனுமதி பெறும் கார் மாடல்கள் விபத்து நேர்ந்தால் அரசின் 112-ஐ அழைத்தாக வேண்டும். நம் நாட்டில் சொந்தக் கார்களுக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. பேருந்து, டாக்சி போன்ற பொது வாகனங்களுக்கு மட்டும் ஏஐஎஸ் 140 என்ற தரவிதி இருக்கிறது. அவற்றில் வைக்கும் அவசரப் பொத்தான் அரசின் கண்காணிப்பு மையத்துக்குச் செய்தி அனுப்புவதற்கானது. மஞ்சள் போர்டு டாக்சியின் பொத்தானும் உங்கள் வெள்ளை போர்டு காரின் பொத்தானும் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் போய்ச் சேரும் இடம் வேறு.

நேராக 108-ஐ அழைத்த காரும் இருந்தது. மறைமலைநகரில் செய்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டில், காற்றுப்பை விரிந்தாலோ எரிபொருள் பம்ப் தானாக நின்றாலோ 108-க்கு அழைப்புப் போகும் வசதி சில வகைகளில் உண்டு. ஆனால் அதற்குச் சொந்த சிம் கிடையாது. புளூடூத்தில் இணைத்த கைபேசி வழியாகத்தான் அழைக்கும். பழைய ஈகோஸ்போர்ட் வாங்கியவர் தன் கைபேசியை இணைக்காமல் விட்டிருந்தால் அந்த வசதி இருந்தும் பயனில்லை.

இனி தானியங்கி அழைப்பு. மோதலைக் கண்டுபிடிப்பது பொத்தானுக்குப் பின்னால் இருக்கும் கருவி அல்ல, காற்றுப்பையை இயக்கும் கருவி. கார் எவ்வளவு திடீரென்று வேகம் இழந்தது என்பதை அது அளக்கிறது. காற்றுப்பையை விரிக்கும்போதே சிம் இருக்கும் கருவிக்கும் சைகை கொடுக்கிறது. ஆகவே காற்றுப்பை விரியாத விபத்தில் பெரும்பாலும் தானாக அழைப்பு போகாது. பின்னால் வந்து இடித்த வண்டி, மெதுவாகச் சரிந்து பள்ளத்தில் இறங்கிய கார், இவற்றிலெல்லாம் உள்ளே இருப்பவருக்குக் கழுத்தில் அடிபட்டிருந்தாலும் கார் சும்மா இருக்கலாம். அப்போது பொத்தானை நாம்தான் அழுத்த வேண்டும்.

அழைப்போடு என்ன தகவல் போகிறது? ஐரோப்பிய விதியில் அது ஓர் அஞ்சலட்டை அளவுதான்: மொத்தம் 140 பைட். நேரம், இடம், காரின் அடையாள எண், எரிபொருள் வகை, அழைப்பு தானாகப் போனதா கையால் அழுத்தியதா என்ற குறிப்பு, கார் போய்க்கொண்டிருந்த திசை. உள்ளே எத்தனை பேர் என்பதைச் சீட் பெல்ட்டை வைத்துச் சேர்க்கலாம். இங்கே அந்தப் பட்டியல் யாரையும் கட்டுப்படுத்தாது. இடமும், காரின் எண்ணும், பதிவு செய்த உரிமையாளரின் பெயரும் கைபேசி எண்ணும் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். மற்றவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

அந்தத் திசை எதற்கு என்று தோன்றும். இரவில் பெரம்பலூரிலிருந்து திருச்சிக்கு வரும் கார் ஒன்று, சமயபுரம் தாண்டி நம்பர் 1 டோல்கேட்டுக்குச் சற்று முன்னால், நின்றிருந்த லாரியில் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றுப்பை விரிகிறது, அழைப்பு போகிறது, வரைபடத்தில் புள்ளி விழுகிறது. நான்கு வழிச்சாலையில் அந்தப் புள்ளி சில மீட்டர் தள்ளி விழுந்தாலே நடுத்திட்டுக்கு எந்தப் பக்கம் என்று தெரியாது. திருச்சியிலிருந்து கொள்ளிடம் பாலம் ஏறி வரும் ஆம்புலன்ஸ் சென்னை நோக்கிய பாதையில் வருகிறது, காரோ எதிர்ப்பாதையில். அடுத்த திறப்பு வரை போய்த் திரும்பித்தான் வர வேண்டும். "திருச்சிக்குப் போற பக்கம், சமயபுரத்துக்கும் டோல்கேட்டுக்கும் நடுவில்" என்று ஒருவர் பேசிச் சொன்னால் அது முதலிலேயே தெளிந்துவிடும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 108 என்பது குறுகிய எண்; அழைப்பவர் எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ அங்கேதான் போகும். உதவி மைய ஊழியர் வேறு மாநிலத்தில் உட்கார்ந்து 108-ஐ அழுத்தினால் அந்த ஊர் ஆம்புலன்ஸ்தான் கிடைக்கும். தமிழ்நாட்டு மையத்தின் முழு எண் அவரிடம் இருக்க வேண்டும். அதனால் நினைவும் கைபேசியும் இருந்தால் நீங்களே 108-ஐயோ 112-ஐயோ அழைத்துவிடுங்கள். காரின் பொத்தான் அதன் பிறகு.

சரிபார்க்கும் வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். முதலில் சாவியைத் திருப்பிவிட்டு மீட்டர் பலகையைப் பாருங்கள். காற்றுப்பை எச்சரிக்கை விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் காற்றுப்பையும் விரியாமல் போகலாம், தானியங்கி அழைப்பும் போகாமல் இருக்கலாம்; மற்றதெல்லாம் அப்புறம், முதலில் சர்வீஸ். பொத்தானுக்கு அருகில் சின்ன விளக்கு இருந்தால் அதன் நிறத்துக்கு என்ன பொருள் என்பது காரோடு வந்த கையேட்டில் இருக்கும்.

அடுத்து கைபேசிச் செயலி. சந்தா எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். வென்யூவில் தொடக்கத்தில் 3 ஆண்டுகள் இலவசம். 2019-ல் வாங்கியவருக்கு 2022-லேயே முடிந்திருக்கும். சந்தா போனாலும் பொத்தான் அங்கேயேதான் இருக்கும், பார்க்க எந்த வித்தியாசமும் தெரியாது. அவசரத் தொடர்புகளில் யார் பெயர், பழைய எண்ணா புது எண்ணா என்பதையும் பாருங்கள். இடத் தகவல் பகிர்வை யாராவது நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்பதைக் காரின் திரையிலும் செயலியிலும் பார்த்துவிடலாம்.

சோதிக்கிறேன் என்று பொத்தானை அழுத்தாதீர்கள். வாடிக்கையாளர் எண்ணை அழைத்து நான்கு கேள்வி கேளுங்கள்: என் காரில் இந்தச் சேவை இப்போது செயலில் இருக்கிறதா, அழைப்பை எடுப்பவர் தமிழ் பேசுவாரா, திருச்சியில் விபத்து என்றால் தமிழ்நாட்டு 108-ஐ எப்படிப் பிடிப்பீர்கள், என்னென்ன தகவல் உங்களுக்கு வரும். சோதனை அழைப்பு வேண்டுமென்றால் அவர்களோடு நேரம் பேசிக்கொண்டு செய்யலாம்.

கார் கைமாறியிருந்தால் இது கூடுதலாக முக்கியம். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றியதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். கார் நிறுவனத்தின் கணக்கில் பழைய உரிமையாளர் அப்படியே இருக்கிறார். நம்பர் 1 டோல்கேட்டில் நீங்கள் மோதினால் அவருடைய வீட்டுத் தொலைபேசி மணி அடிக்கும். விற்றவரிடம் செயலியிலிருந்து காரை நீக்கச் சொல்லி, உங்கள் பெயரில் புதிதாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். அதுவரை அவர் செயலியைத் திறந்தால் உங்கள் கார் நிற்கும் தெருவும் அவருக்குத் தெரியக்கூடும்.