கடைவாய்ப் பல்லும் விமான டிக்கெட்டும்

எங்கள் காட்டுப்பாக்கத்துத் தெருவில் வளர்ந்த தம்பி ஒருவன் சிங்கப்பூரில் வெல்டர் வேலை பார்க்கிறான். ஒருநாள் ராத்திரி பத்தரை மணிக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். அங்கே மணி ஒன்று.

“அண்ணே, கீழ்க் கடைவாய்ப் பல்லு உயிர் போகுது. பிடுங்கிடலாம்னு டாக்டர் சொல்றார். ரூட் கெனால் பண்ணா ஒரு மாசச் சம்பளமே போயிடும்போல. என்ன பண்றது?”

ஜில் தண்ணீர் பட்டால் வலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்டேன். சில விநாடிகளில் அடங்கினால் பல்லின் உள்ளே இருக்கும் கூழ் இன்னும் தேறக்கூடும். சொத்தையைச் சுரண்டி அடைத்தால் போதும். அவனுக்கோ அரை நிமிடத்துக்கு மேலும் விண்ணென்று தெறித்தது, படுத்தால் தூக்கமே இல்லை. கூழில் நரம்பும் ரத்தக் குழாய்களும் இருக்கின்றன. அது வீங்கினால் விரிய இடமில்லை, சுற்றிலும் கெட்டிச் சுவர். படுக்கும்போது தலையில் ரத்த அழுத்தம் கூடுவதால் அந்த நெருக்கடியும் கூடுகிறது. இந்தக் கட்டத்துக்கு வந்த கூழ் பெரும்பாலும் திரும்பாது.

இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சில நாட்களில் வலி தானாகவே நின்றுவிடலாம். கூழ் செத்துவிட்டது என்பதுதான் அதற்குப் பெரும்பாலும் காரணம். பிறகு கிருமி வேர் நுனி வழியே தாடை எலும்புக்கு இறங்கிச் சீழ் கட்டும். செத்த கூழுக்கு ரத்த ஓட்டம் இல்லாததால் ஆன்டிபயாட்டிக் மாத்திரை அங்கே போய்ச் சேராது.

தம்பிக்கு ஊருக்கு வர இன்னும் ஐந்து வாரம் இருந்தது. வேலப்பன்சாவடியில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி, போரூரில் இன்னொன்று, இரண்டும் எங்களுக்குப் பக்கம். பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் செய்யும் சிகிச்சைக்கு வெளியே ஆகும் செலவு ஆகாது. அதனால் பிடுங்குவதா, முழு ரூட் கெனாலா என்ற கேள்விக்கு நடுவே மூன்றாவது வழி ஒன்று கிடைத்தது. சிங்கப்பூரில் பல்லைத் திறந்து, அழுகிய கூழை எடுத்து, கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்து, தற்காலிகமாக அடைத்துக்கொள்வது. மீதியை இங்கே வந்து முடிப்பது. முதல் பகுதி பெரும்பாலும் ஒரே அமர்வில் ஆகிவிடும், வலியும் சீக்கிரம் தணியும். ஆனால் தற்காலிக அடைப்பு சில வாரங்கள்தான் தாங்கும். அது பெயர்ந்தால் எச்சில் உள்ளே போய் மறுபடி கிருமி சேரும். விடுப்புக்கு ஒரு வருடம் இருக்கிறவருக்கு இந்த யோசனையைச் சொல்ல மாட்டேன்.

எங்கே போவது? சிங்கப்பூர் அரசு பாலிகிளினிக்கின் பல் மருத்துவச் சலுகை குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். முதலாளி கட்டாயம் எடுத்தாக வேண்டிய காப்பீடு 2023 ஜூலை முதல் 60,000 வெள்ளி. ஆனால் அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்க்கும் வைத்தியத்துக்கும் பகல்நேர அறுவைக்கும் உரியது. பல் அடைப்பதற்குக் கைகொடுக்காது. கம்பெனி ஏற்குமா என்று முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கச் சொன்னேன். கம்பெனி கைவிரித்தால் ஹெல்த்சர்வ் இருக்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காகவே 2006-இல் தொடங்கிய தொண்டு அமைப்பு. பல் வைத்தியமும் குறைந்த கட்டணத்தில் செய்கிறார்கள். தம்பி அங்கேதான் முன்பதிவு செய்துகொண்டு போனான்.

நாற்காலியில் வாய் திறப்பதற்கு முன் கேட்க வேண்டியதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கச் சொல்ல வேண்டும். சொத்தையை எடுத்த பிறகு ஈறுக்கு மேலே போதுமான பல் மிஞ்சுமா என்பது அடுத்த கேள்வி. மிஞ்சாது என்றால் பிடுங்குவதே சரி. அப்போது ரூட் கெனாலுக்குக் கொட்டும் காசு வீண். மிஞ்சும் என்றால், “இன்னைக்கு வலியை மட்டும் நிறுத்தி, மீதியை ஊரில் முடிக்கலாமா?” கடைசியாகக் காசு. சொல்லும் தொகையில் எக்ஸ்ரே, மருந்து, அடுத்தடுத்த வருகை எல்லாம் அடக்கமா? கேப் தனியா? ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல் கேப் இல்லாமல் மென்றால் பிளந்துபோகக்கூடும். அதனால் கேப் சேராத விலையைப் பாதி விலையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன். தாடைக்கு அடியில் வீக்கம், வாய் திறக்க முடியாமை, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் இவற்றில் எது வந்தாலும் கிளினிக் தேடக் கூடாது, நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. சீழ் கழுத்துக்கு இறங்கினால் உயிருக்கே ஆபத்து. உள்ளே சேர்த்தார்கள் என்றால் அந்தக் காப்பீடு அப்போது உதவும்.

ஹெல்த்சர்வில் முதல் பகுதியை முடித்துக்கொண்டு கிளம்பும் முன் அவன் மறக்காமல் வாங்கிவந்தது ஒரு தாள். பல் எண் 46, அதாவது வலது கீழ் முதல் கடைவாய்ப் பல். கண்டுபிடித்த மூன்று கால்வாய்கள், ஒவ்வொன்றின் நீளம் மில்லிமீட்டரில், உள்ளே வைத்த மருந்து, தேதி எல்லாம் அதில் இருந்தன. எக்ஸ்ரே போனில். வேலப்பன்சாவடியில் அந்த நீளங்களை ஒருமுறை சரிபார்த்துவிட்டு நேரே வேலையைத் தொடங்கினார்கள். இந்தப் பல்லில் சிலருக்கு நாலாவது கால்வாயும் இருக்கும் என்று பேராசிரியர் மாணவியை விடாமல் தேடவைத்தார், இருந்தது. கேப் மாட்டி நாலாம் நாள் தம்பி விமானம் ஏறினான்.