வழியில் சேதமான சரக்கு: புரோக்கருக்கு எழுதும் கிளைம் கடிதம்

சரக்கு வழியில் தொலைந்தாலோ சேதமானாலோ இழப்பீடு தருவது காப்பீட்டு நிறுவனம்தான். ஆனால் புரோக்கர் மூலம் பாலிசி எடுத்த வியாபாரி முதலில் கடிதம் எழுதுவது அந்தப் புரோக்கருக்கு. இந்தியாவில் உரிமம் பெற்ற காப்பீட்டு புரோக்கர் நிறுவனத்தின் முகவர் அல்ல. அவர் பாலிசிதாரரின் தரப்பில் நிற்பவர். கடிதத்தை வாங்கிக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புவது, சர்வேயரை விரைவாக நியமிக்கச் செய்வது, ஆவணங்களில் குறை இருந்தால் முன்கூட்டியே சொல்வது ஆகியவை அவருடைய வேலை. பணம் தரலாமா, எவ்வளவு தரலாம் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை. பாலிசி நிபந்தனைப்படி தகவல் போய்ச் சேர வேண்டிய இடம் காப்பீட்டு நிறுவனம் என்பதால், புரோக்கருக்கு எழுதும் கடிதத்தின் நகலை அதே நாளில் நிறுவனத்துக்கும் அனுப்பிவிட வேண்டும்.

இதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்க்கலாம். திருப்பூரில் பனியன் உற்பத்தி செய்யும் ஒருவர் கொல்கத்தாவில் உள்ள மொத்த வியாபாரிக்கு 120 அட்டைப்பெட்டிகளில் டி-ஷர்ட் அனுப்புகிறார். பெட்டிக்கு 50 உருப்படி, உருப்படி 200 ரூபாய். பில் தொகை 12,00,000 ரூபாய். ஜூலை 8 அன்று லாரி சர்வீஸில் புக்கிங் ஆகிறது. ஜூலை 15 அன்று சரக்கு கொல்கத்தா கிடங்கில் இறங்கும்போது 4 பெட்டிகளைக் காணவில்லை. 10 பெட்டிகள் மழையில் நனைந்திருக்கின்றன. பாலிசி திருப்பூர்க்காரருடையது. உள்நாட்டுப் போக்குவரத்துக்கான ‘ஏ’ பிரிவு நிபந்தனைகளின்படி, கொல்கத்தா கிடங்கில் ஒப்படைக்கும் வரை அது செல்லும். ‘பி’ பிரிவு இதைவிடக் குறுகியது. தீ, மின்னல், வாகன மோதல், கவிழ்தல் போன்ற குறிப்பிட்ட விபத்துகளை மட்டுமே அது ஏற்கும். எனவே கடிதம் எழுதும் முன் பாலிசி எந்தப் பிரிவு என்று பார்த்துக்கொள்வது முதல் வேலை.

கிளைமின் மிக முக்கியமான ஆவணம் சரக்கு இறங்கும் அந்த அரை மணி நேரத்தில்தான் உருவாகிறது. லாரி ரசீதின் டெலிவரி நகலில் கொல்கத்தா வியாபாரி கையெழுத்துப் போடுவதற்கு முன், ‘4 பெட்டி குறைவு, 10 பெட்டி நனைந்துள்ளது’ என்று எண்ணிக்கையோடு எழுதி, டிரைவரிடமோ லாரி சர்வீஸ் ஆளிடமோ கையெழுத்து வாங்க வேண்டும். ஒன்றும் எழுதாமல் கையெழுத்துப் போட்டுவிட்டால், சரக்கு நல்ல நிலையில் வந்து சேர்ந்தது என்பதற்கு அதுவே சாட்சியாகிவிடும். சேதம் வழியில் நேர்ந்ததா, கிடங்கில் நேர்ந்ததா என்ற கேள்வி பிறகு எழும்போது, அதை மறுத்து நிறுவுவது கடினம். பெட்டிகளை லாரியில் இருந்தபடியே படம் எடுப்பதும், கிழிந்த தார்ப்பாயும் வாகன எண்ணும் படத்தில் தெரியச் செய்வதும் இதே நேரத்தில் நடக்க வேண்டியவை.

அன்றே புரோக்கருக்கு முதல் கடிதம் போக வேண்டும். இது சுருக்கமான அறிவிப்புதான். பாலிசி எண், லாரி ரசீது எண், புறப்பட்ட நாள், வந்து சேர்ந்த நாள், என்ன நேர்ந்தது, உத்தேச இழப்பு, சரக்கு இப்போது இருக்கும் இடம், அங்கே தொடர்புகொள்ள வேண்டியவர் ஆகிய விவரங்கள் போதும். ஆவணங்கள் சேரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உத்தேச இழப்பைக் குறைத்துச் சொல்வதும் தவறு. இந்த எடுத்துக்காட்டில் காணாமல்போன 4 பெட்டிகளுக்கு 40,000 ரூபாய், நனைந்த 10 பெட்டிகளுக்கு அதிகபட்சமாக 1,00,000 ரூபாய், ஆக 1,40,000 ரூபாய் என்று எழுதி, ‘சர்வேக்குப் பின் மாறலாம்’ என்று குறிப்பிட்டால் போதும்.

சர்வேயர் வரும்வரை நனைந்த பெட்டிகளை அப்புறப்படுத்தவோ விற்கவோ கூடாது. அதற்காக அவற்றை ஈரத்திலேயே போட்டுவைக்கவும் கூடாது. காப்பீடு இல்லாதவர் தன் சரக்கை எப்படிக் காப்பாற்றுவாரோ, அதே அக்கறையைப் பாலிசிதாரரும் காட்ட வேண்டும் என்பது கடல்சார் காப்பீட்டுச் சட்டம், 1963 சொல்லும் கடமை. நனைந்த பெட்டிகளைத் தனியே பிரித்து, துணிகளை வெளியே எடுத்து உலர்த்தி, பெட்டிவாரியாகக் கணக்கு வைத்தால் இரண்டு கடமையும் நிறைவேறும். அப்படிச் செய்ததைக் கடிதத்தில் ஒரு வரி எழுதுவது நல்லது.

பலர் தவறவிடுவது லாரி சர்வீஸுக்கு எழுத வேண்டிய கடிதத்தை. காப்பீட்டு நிறுவனம் பணம் தந்த பிறகு, பாலிசிதாரரின் இடத்தில் நின்று லாரி சர்வீஸிடமிருந்து அதைத் திரும்பக் கேட்கும் உரிமை அதற்கு உண்டு. அந்த உரிமையைப் பாலிசிதாரர் கெடவிட்டால், கிளைம் தொகை குறையலாம் அல்லது மறுக்கப்படலாம். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007-இன்படி, லாரி சர்வீஸ் மீது வழக்குத் தொடுக்க வேண்டுமானால், சரக்கு புக்கிங் ஆன நாளிலிருந்து 180 நாட்களுக்குள் இழப்பைப் பற்றி எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். கணக்குத் தொடங்குவது புக்கிங் நாளிலிருந்து. சேதத்தைக் கண்ட நாளிலிருந்து அல்ல. ஜூலை 8 அன்று புக்கிங் ஆன சரக்குக்கு ஜனவரி 4 வரைதான் அவகாசம். இழப்பீடு கேட்கும் இந்தக் கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்த வேண்டும். லாரி சர்வீஸிடமிருந்து குறைவு மற்றும் சேதச் சான்றிதழும் கேட்டு வாங்க வேண்டும். அவர்கள் தர மறுத்தால், கேட்டு எழுதிய கடிதத்தின் நகலே கோப்பில் இருக்கட்டும்.

சர்வே முடிந்ததும் முறையான கிளைம் கடிதம் எழுதலாம். அது இப்படி அமையலாம்:

‘பொருள்: பாலிசி எண் ____, திருப்பூர்–கொல்கத்தா சரக்கு, பில் எண் ____, லாரி ரசீது எண் ____, ஜூலை 8.

ஐயா,

மேற்கண்ட பில்லின்படி 120 பெட்டி டி-ஷர்ட்டுகள் ____ லாரி சர்வீஸ் மூலம் அனுப்பப்பட்டன. ஜூலை 15 அன்று கொல்கத்தா கிடங்கில் இறக்கியபோது 116 பெட்டிகள் மட்டுமே இருந்தன. அவற்றில் 10 பெட்டிகள் மழைநீரில் நனைந்திருந்தன. டெலிவரி நகலில் இது குறிக்கப்பட்டு, டிரைவரின் கையெழுத்தும் பெறப்பட்டது. அன்றே தங்களுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் மின்னஞ்சலில் தெரிவித்தோம். ஜூலை 18 அன்று சர்வேயர் பார்வையிட்டார். நனைந்த 500 உருப்படிகளில் 300 உருப்படிகள் உலர்த்திய பின் நல்ல நிலையில் உள்ளன. 200 உருப்படிகள் சாயம் இறங்கிக் கறைபட்டுள்ளன. சர்வேயரின் சம்மதத்தோடு அவை உருப்படி 50 ரூபாய் வீதம் விற்கப்பட்டன. லாரி சர்வீஸுக்கு இழப்பீடு கேட்டு ஜூலை 17 அன்று ஸ்பீடு போஸ்டில் எழுதியுள்ளோம். இணைத்துள்ள கிளைம் பில்லின்படி 71,400 ரூபாய் பெற்றுத்தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இணைப்புகள்:
1. பூர்த்தி செய்த கிளைம் படிவம், கிளைம் பில்
2. பாலிசி நகலும் இந்தச் சரக்குக்கான அறிவிப்பும்
3. பில், பேக்கிங் லிஸ்ட்
4. லாரி ரசீது, குறிப்பெழுதிய டெலிவரி நகல்
5. ஈ-வே பில்
6. லாரி சர்வீஸின் குறைவு மற்றும் சேதச் சான்றிதழ்
7. லாரி சர்வீஸுக்கு எழுதிய கடிதம், ஸ்பீடு போஸ்ட் ரசீது, அது போய்ச் சேர்ந்ததற்கான சான்று, வந்த பதில்
8. புகைப்படங்கள்
9. கறைபட்ட சரக்கை விற்ற பில்
10. வங்கி விவரம், ரத்து செய்த காசோலை’

திருட்டு என்று தெரிந்தால் முதல் தகவல் அறிக்கையும், லாரி விபத்தில் சிக்கியிருந்தால் காவல்துறை ஆவணமும் இந்தப் பட்டியலில் சேரும். சர்வே அறிக்கையைச் சர்வேயர் நேராகக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புவார்.

71,400 ரூபாய் என்பது எப்படி வந்தது என்பதைக் கிளைம் பில் காட்ட வேண்டும். பில் தொகையோடு 10 சதவீதம் சேர்த்துக் காப்பீடு செய்வது வழக்கம். இந்தச் சரக்கும் அப்படி 13,20,000 ரூபாய்க்குக் காப்பீடு ஆகியிருக்கிறது. காணாமல்போன 200 உருப்படிகளின் மதிப்பு 40,000. பத்து சதவீதம் சேர்த்து 44,000 ரூபாய். கறைபட்ட 200 உருப்படிகளுக்கும் அதே 44,000. அவற்றை விற்றதில் கிடைத்த 10,000 ரூபாயைக் கழித்தால் 34,000. இரண்டும் சேர்ந்து 78,000 ரூபாய். பாலிசிதாரரே ஏற்க வேண்டிய பங்கு, இந்தப் பாலிசியில் காப்பீட்டுத் தொகையில் அரை சதவீதம், அதாவது 6,600 ரூபாய். அதைக் கழித்தால் 71,400 ரூபாய் நிற்கிறது. இந்தப் பங்கு பாலிசிக்குப் பாலிசி மாறும்.

கோப்பு புரோக்கரின் மேசைக்கு வந்ததும் அவர் முதலில் பார்ப்பது, ஆவணங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான். பில்லில் 120 பெட்டி, லாரி ரசீதில் 118 பெட்டி என்றிருந்தால், இரண்டு பெட்டி லாரியில் ஏறவே இல்லை என்ற கேள்வி எழும். ஈ-வே பில்லில் உள்ள வாகன எண்ணும் டெலிவரி நகலில் உள்ள எண்ணும் வேறாக இருந்தால், வழியில் சரக்கு லாரி மாற்றப்பட்டதா என்று விளக்க வேண்டியிருக்கும். ஓப்பன் பாலிசி வைத்திருப்பவர் ஒவ்வொரு சரக்கையும் நிறுவனத்துக்கு அறிவித்துவர வேண்டும். இந்தச் சரக்கை அறிவிக்காமல் விட்டு, சேதமான பிறகு அறிவித்தால், மற்ற ஆவணங்கள் எவ்வளவு சரியாக இருந்தாலும் கிளைம் தடுமாறும்.

‘ஏ’ பிரிவும் எல்லாவற்றையும் ஏற்பதில்லை. போதாத பேக்கிங், பொருளின் இயல்பிலேயே உள்ள கெடுதல், தாமதத்தால் வந்த நட்டம் ஆகியவை அதற்கு வெளியே நிற்கின்றன. ஆகவே காரணத்தை எழுதும்போது கவனம் தேவை. ‘பெட்டிகள் ஈரமாக இருந்தன’ என்று மட்டும் எழுதினால், உலராத துணியைப் பேக் செய்ததாகவும் அதைப் படிக்கலாம். ‘தார்ப்பாய் கிழிந்திருந்தது, மேல் அடுக்குப் பெட்டிகள் மட்டும் மேற்புறமாக நனைந்திருந்தன’ என்று கண்டதை எழுதினால், தண்ணீர் வெளியிலிருந்து வந்தது புரியும். கண்டதை எழுத வேண்டும். ஊகத்தைக் காரணமாக எழுதக் கூடாது.

தொகை ஒப்புக்கொள்ளப்பட்டால், பாலிசிதாரர் பெற்றுக்கொண்டதற்கான ரசீதிலும், லாரி சர்வீஸ் மீதான உரிமையைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றித் தரும் கடிதத்திலும் கையெழுத்திடுவார். பிறகு லாரி சர்வீஸிடமிருந்து இதே இழப்புக்குப் பணம் வந்தால், அதை நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கிளைம் மறுக்கப்பட்டாலோ குறைக்கப்பட்டாலோ, எந்த நிபந்தனையின்படி என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுவது அடுத்த படி. பிறகு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் முறையிடலாம். தனிநபர், தனியுரிமை நிறுவனம், குறுந்தொழில் என்ற வகைக்குள் வருபவர்கள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரையும் அணுகலாம். அங்கே கேட்கப்படுவதும் இதே கோப்புதான் என்பதால், அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தின் நகலும் பெற்ற ஒவ்வொரு பதிலும் நாள்வாரியாக ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.