வலப்பக்கம் மட்டும் பார்த்தால் போதும்

பட்டியலின் நடுவில் பார்ப்பது, வேண்டாத பாதியைத் தள்ளுவது, மிச்சத்திலும் அதையே செய்வது. பைனரி சர்ச் என்கிற தேடல் முறை இவ்வளவுதான். எண்கள் ஏறுவரிசையிலோ இறங்குவரிசையிலோ இருந்தால்தான் இது பலிக்கும் என்றே பெரும்பாலும் சொல்லித் தருகிறார்கள். உச்சி தேடும் கணக்கில் அந்த நிபந்தனை தேவையில்லை. எண்கள் கலைந்து கிடந்தாலும் தைரியமாகப் பாதியைத் தள்ளலாம்.

உச்சி என்பது தன் இரண்டு பக்கத்து எண்களையும் விடப் பெரிய எண். பட்டியலின் இரு முனைகளுக்கும் அப்பால், எல்லாவற்றையும் விடச் சிறிய ஓர் எண் இருப்பதாக வைத்துக்கொள்கிறோம். அடுத்தடுத்த இரண்டு எண்கள் சமமாக இருக்கக் கூடாது என்பது ஒன்றே விதி. பல உச்சிகள் இருந்தால் ஏதாவது ஒன்றைக் காட்டினால் போதும்.

இந்த 11 எண்களை எடுத்துக்கொள்வோம்: 3, 5, 20, 7, 6, 4, 8, 12, 10, 2, 1. கணினி வழக்கப்படி இடங்களை 0 முதல் 10 வரை எண்ணுவோம். நடு இடம் 5, அங்கே இருப்பது 4. அதற்கு வலப்பக்கம் 8. வலப்பக்கம் ஏறுகிறது, ஆகவே இடப்பாதியைத் தள்ளிவிட்டு 6 முதல் 10 வரை தேடுகிறோம். இப்போது நடு இடம் 8, அங்கே 10, வலப்பக்கம் 2. இறக்கம். அந்த 10-ஐ விடாமல் 6 முதல் 8 வரை வைத்துக்கொள்கிறோம். அடுத்த நடு 7-ஆம் இடம்: 12, வலப்பக்கம் 10. மறுபடி இறக்கம், மிஞ்சுவது 6, 7 ஆகிய இரண்டு இடங்கள். 6-ஆம் இடத்தில் 8, அடுத்தது 12, ஏற்றம். 7-ஆம் இடம் மட்டும் மிஞ்சுகிறது. நான்கே ஒப்பீடுகளில் 12 என்ற உச்சி கிடைத்துவிட்டது.

ஏற்றம் தெரிந்த பக்கத்தில் உச்சி உண்டு என்று எப்படி அடித்துச் சொல்வது? மலைப்பாதையில் மேலேறுகிறவரை நினைத்துப் பாருங்கள். ஏற்றம் எங்காவது முறிந்தால் முறிந்த இடமே உச்சி. கடைசிவரை முறியாவிட்டால் பட்டியலின் கடைசி எண்ணே உச்சி. அதற்கப்பால் பள்ளம்தான் என்று முன்பே வைத்துக்கொண்டோம். இறக்கம் தெரிந்தால் இதே வாதத்தை இடப்பக்கம் நோக்கிச் சொல்லலாம்.

தள்ளிய பாதியில் உச்சியே இல்லை என்று நாம் சொல்லவில்லை. மேலே தள்ளிய பகுதியில் 20 இருந்தது, அதுவும் உச்சிதான். வைத்துக்கொண்ட பாதியில் ஒன்றாவது உண்டு என்ற உறுதி மட்டுமே நமக்கு வேண்டும். அதனால்தான் வரிசை தேவைப்படவில்லை. அதே காரணத்தால் இந்த முறை பட்டியலின் மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடித்துத் தராது.

சரி, இடப்பக்கத்து எண்ணை எப்போது பார்க்கிறோம்? தனியாகப் பார்ப்பதே இல்லை. தேடும் பகுதியின் இட எல்லை நகரும்போதெல்லாம், அதற்கு முந்தைய எண் அதைவிடச் சிறியது என்று பார்த்த பிறகே நகர்கிறது. வல எல்லை நகரும்போது, அதற்கு அடுத்த எண் சிறியது என்று தெரிந்திருக்கிறது. நகராத எல்லைக்கு அப்பால் கற்பனைப் பள்ளம் இருக்கிறது. இரு எல்லைகளும் ஒரே இடத்தில் சேரும்போது, அந்த எண்ணின் இரு பக்கமும் தாழ்வு என்பது தானாகவே உறுதியாகிவிடுகிறது. 12-க்கு இடப்பக்கம் 8 என்பதைக் கடைசி ஒப்பீடே சொல்லிவிட்டது.

```
lo, hi = 0, len(a) - 1
while lo < hi:
    mid = (lo + hi) // 2
    if a[mid] < a[mid + 1]:
        lo = mid + 1
    else:
        hi = mid
print(lo)
```

வகுத்தலில் மீதியை விட்டுவிடுவதால் `mid` எப்போதும் `hi`-க்குக் கீழேதான் நிற்கும். `mid + 1` பட்டியலைத் தாண்டாது. தவறு நேர்வது எல்லைகளை நகர்த்தும் வரிகளில். இறக்கத்தின்போது `mid` தானே உச்சியாக இருக்கலாம். அங்கே `hi = mid - 1` என்று எழுதினால் 1, 3, 2 என்ற பட்டியலில் 3-ஐத் தூக்கி எறிந்துவிட்டு 1-ஐ உச்சி என்று சொல்லும். `lo = mid` என்று எழுதினால் 1, 3 என்ற இரண்டு எண்களிலேயே நிரல் முடிவில்லாமல் சுற்றும்.

பத்து லட்சம் எண்கள் இருந்தாலும் 20 ஒப்பீடுகளுக்குள் வேலை முடிந்துவிடும். ஆனால் சம எண்கள் அடுத்தடுத்து வந்தால் இந்தக் கணக்கு உடையும். 5, 5, 5, 5, 9 என்ற பட்டியலில் நடுவில் 5-ம் 5-ம் சமம். நிரல் அதை இறக்கமாக எடுத்துக்கொண்டு இடப்பக்கம் போய், 0-ஆம் இடத்தைக் காட்டும். அது உச்சி இல்லை. ஏற்றமா இறக்கமா என்று தெரியாதபோது எந்தப் பாதியைத் தள்ளுவது என்பதற்கு ஆதாரமே இல்லை. எண்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.