எழுத்துப் பலகை காட்டாத நோய்

ஆறு மீட்டர் தூரத்தில் தொங்கும் எழுத்துப் பலகையில் உரிய வரியைத் தடுமாறாமல் படித்துவிட்டால் சீட்டில் 6/6 என்று எழுதுவார்கள். சர்க்கரை நோயாளிகள் பலருக்கு அந்தச் சீட்டோடு கண்ணைப் பற்றிய கவலை தீர்ந்துவிடுகிறது. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

எழுத்தைப் படிக்கும் வேலையைச் செய்வது விழித்திரையின் நடுவில் இருக்கும் ஒரு சிறு பள்ளம். அதன் குறுக்களவு சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான். முகத்தை அடையாளம் காண்பதும் ஊசியில் நூல் கோர்ப்பதும் அந்த இடத்தின் வேலையே. அதைச் சுற்றிப் பரந்து கிடக்கும் மீதி விழித்திரையில் சர்க்கரை நோய் வருடக்கணக்கில் வேலை பார்த்திருக்கலாம். நடுப்பள்ளம் மட்டும் தப்பியிருந்தால் படிப்பில் எந்தக் குறையும் தெரியாது. தலைமடை வயலில் நிற்கும் தண்ணீரைப் பார்த்துவிட்டுக் கடைமடையும் நனைந்திருக்கும் என்று நம்புவது போன்ற காரியம் இது.

வலியாவது எச்சரிக்குமா என்றால், அதுவும் இல்லை. விழித்திரையில் வலியை உணரும் நரம்புகள் கிடையாது. ஒரு கண்ணில் பார்வை மங்கினாலும் இன்னொரு கண் சமாளித்துக்கொள்கிறது. என்றைக்காவது தற்செயலாக ஒரு கண்ணைப் பொத்திப் பார்க்கும்போதுதான் விஷயம் தெரியவரும்.

உள்ளே நடப்பது இதுதான். ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாகவே ஓடினால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைத் தாங்கிப் பிடிக்கும் செல்கள் மடிகின்றன. தாங்கல் போன இடத்தில் குழாயின் சுவர் புடைத்துச் சின்னஞ்சிறு முடிச்சாகிறது. மருத்துவர் கருவியில் பார்க்கும் முதல் அடையாளம் பெரும்பாலும் இந்தச் செம்புள்ளிதான். பிறகு முடிச்சிலிருந்து ரத்தமும் நீரும் கொழுப்பும் கசிகின்றன. கசிவு நடுப்பகுதியை எட்டினால் அங்கே வீக்கம் ஏற்பட்டு எழுத்துகள் மங்கும், நேர்க்கோடு நெளியும்.

இன்னொரு பக்கம் குழாய்கள் அடைத்துக்கொள்கின்றன. ரத்தம் வராத விழித்திரை சும்மா இருப்பதில்லை, ‘வி.இ.ஜி.எஃப்’ என்ற புரதத்தைச் சுரந்து புதுக் குழாய்களை வரவழைக்கிறது. வரும் குழாய்களோ மெல்லியவை, இடம் மாறி முளைப்பவை. விழித்திரையின் மேற்பரப்பில் படர்ந்து, கண்ணுக்குள் இருக்கும் கூழ்மத்தைப் பற்றிக்கொள்கின்றன. ஒரு நாள் அவை கிழிந்தால் கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். வடுவாகிச் சுருங்கினால் விழித்திரையையே பிய்த்து இழுக்கும். முந்தின நாள் இரவு வரை 6/6 இருந்த கண் காலையில் கை அசைவை மட்டும் காண்பது இப்படித்தான்.

ஒரு மாதிரி நோயாளியை எடுத்துக்கொள்வோம். வயது 54, மளிகைக் கடை வைத்திருக்கிறார், சர்க்கரை வந்து 11 ஆண்டுகள். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்.பி.ஏ.1.சி. 9 சதவீதம். இரண்டு கண்ணிலும் 6/6. கண்ணாடிக் கடையில் பவர் பார்த்திருக்கிறார். கண்பாப்பாவை விரியவைத்து உள்ளே பார்த்துக்கொண்டதே இல்லை. மனைவியின் கண்புரை அறுவை சிகிச்சைக்குத் துணையாக வந்தவரையும் செவிலியர் பிடித்து உட்காரவைத்துச் சொட்டு மருந்து போடுகிறார்.

அரை மணி நேரம் கழித்து எடுத்த படத்தில் வலக் கண்ணின் நான்கு கால்பகுதிகளிலும் ரத்தக் கசிவுகள் தெரிகின்றன. இரண்டு கால்பகுதிகளில் சிரைகள் பாசிமணி கோர்த்தாற்போல் புடைத்திருக்கின்றன. ஒரு பகுதியில் இயல்புக்கு மாறான கிளைக் குழாய்களும் உண்டு. நான்கு, இரண்டு, ஒன்று என்று கண் மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்யும் கணக்கு இது. மூன்றில் ஒன்று இருந்தாலே நோய் கடுமையான கட்டத்தில் இருக்கிறது என்று பொருள். அந்தக் கட்டத்தை அடைந்த கண்களில் ஏறக்குறைய பாதி, ஒரே ஆண்டுக்குள் புதுக் குழாய் முளைக்கும் நிலைக்குப் போய்விடக்கூடும். ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்க்கச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இந்த வேகம். கடுமையான கட்டம் தெரிந்துவிட்டால் ஒரு வருடம் காத்திருப்பது கூடாது. சில மாதங்களுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்.

அவருடைய இடக் கண் அந்த எல்லையையும் தாண்டியிருக்கிறது. பார்வை நரம்பின் தலைப்பகுதியில் புதுக் குழாய்கள் விசிறிபோல விரிந்து கிடக்கின்றன. “எனக்கு நல்லாத்தானே தெரியுது டாக்டர்?” என்று கேட்கிறார். எல்லா விழித்திரை மருத்துவர்களும் தினமும் கேட்கும் கேள்விதான்.

இந்தக் கண்ணுக்கு லேசர். விழித்திரையின் ஓரப்பகுதிகளில், நடுப்பகுதியைத் தொடாமல், மொத்தம் 1,200 முதல் 1,600 சிறு சூடுகள் வைப்பார்கள். இரண்டு மூன்று முறை வரவழைத்து முடிப்பார்கள். ரத்தம் இல்லாமல் புரதத்தைச் சுரந்துகொண்டிருக்கும் ஓரத் திசுவைச் சுட்டு அடக்கினால் புதுக் குழாய்கள் வாடும். நடுவைக் காக்க ஓரத்தைக் காவு கொடுக்கிற சிகிச்சை என்பதை மறைக்க வேண்டியதில்லை. இரவில் வண்டி ஓட்டுவது சிலருக்குச் சிரமமாகும், பக்கவாட்டுப் பார்வை கொஞ்சம் குறையலாம்.

இத்தனையும் தாங்க வேண்டுமா என்பதற்கு அமெரிக்காவில் 1970-களில் நடந்த ஓர் ஆய்வு பதில் சொன்னது. 1,700-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் ஒரு கண்ணுக்கு மட்டும் லேசர் போன்ற ஒளிச்சூட்டுச் சிகிச்சை கொடுத்து, மறு கண்ணை விட்டுவைத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் சிகிச்சை இல்லாத கண்களில் சுமார் 16 சதவீதம் பார்வையைப் பெருமளவு இழந்தன. சிகிச்சை பெற்றவற்றில் சுமார் 6 சதவீதம். வித்தியாசம் இவ்வளவு தெளிவானதும் 1976-இல் ஆய்வின் விதியையே மாற்றி, விட்டுவைத்த கண்களில் ஆபத்தானவற்றுக்கும் சிகிச்சை கொடுத்தார்கள்.

ஆனால் லேசர், போன பார்வையைத் திருப்பித் தருவதில்லை. இருப்பதைக் காப்பாற்றுகிறது, அவ்வளவுதான். “லேசர் வெச்சும் பார்வை கூடல” என்ற குறையைக் காத்திருப்பு வரிசைகளில் அடிக்கடி கேட்கலாம். 6/6 இருக்கும்போதே வந்தவருக்கு அது 6/6-ஐக் காப்பாற்றியிருக்கும். 6/60-இல் வந்தவருக்குக் காக்க அவ்வளவுதான் மிச்சம்.

கண்ணுக்குள் போடும் ஊசி மருந்துகள் வந்த பிறகு கணக்கு ஓரளவு மாறியது. முன்சொன்ன புரதத்தைப் பிடித்து அடக்கும் மருந்துகள் இவை. பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்ளிபெர்செப்ட் ஆகிய மூன்றும் பரவலாகப் பயன்படுகின்றன. பெவாசிசுமாப் புற்றுநோய்க்காக உருவான மருந்து. விலை குறைவு என்பதால் கண்ணுக்கும் வந்துவிட்டது. கண்ணில் மரத்துப்போகும் சொட்டு விட்டு, வெள்ளை விழியின் வழியாக மிக மெல்லிய ஊசியால் ஒரு மில்லிலிட்டரில் இருபதில் ஒரு பங்கு மருந்தைச் செலுத்துவார்கள். நினைத்தால் உடம்பு கூசும். போட்டுக்கொண்டவர்கள் ஓர் அழுத்தம் மட்டும் தெரிந்ததாகச் சொல்வார்கள். நடுப்பகுதி வீக்கத்தில் இந்த ஊசி பார்வையை உண்மையாகவே கூட்டித் தரும். லேசருக்கு இல்லாத பெருமை இது.

தொல்லை என்னவென்றால் மருந்து சில வாரங்களில் தீர்ந்துவிடும். முதலில் மாதம் ஒன்று என்று போட வேண்டும். முதல் ஆண்டில் எட்டு, ஒன்பது ஊசிகள் ஆவது சாதாரணம். புதுக் குழாய் முளைத்த கண்ணுக்கும் லேசருக்குப் பதில் ஊசி போடலாம் என்று 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் ஊசியை மட்டும் நம்பியிருந்து இடையில் வராமல் போனவர்களின் கண்கள், லேசர் வைத்துக்கொண்டு வராமல் போனவர்களின் கண்களைவிட மோசமான நிலையில் திரும்பி வந்தன. ஊசி நின்றதும் புரதம் மறுபடி தலைதூக்கும். லேசர் போட்ட தழும்பு அங்கேயே இருக்கும். அதனால்தான் நம் மளிகைக் கடைக்காரரிடம் மருத்துவர் முதலில் கேட்கிறார், “கடையை விட்டுட்டு மாசாமாசம் வர முடியுமா?” அவர் தயங்குகிறார். லேசர் என்று முடிவாகிறது. என் பார்வையில் நம் ஊர் நிலவரத்துக்கு அது சரியான முடிவு.

ஊசி போட்ட பின் சில நாட்களுக்குள் கண் வலித்துச் சிவந்து பார்வை மங்கினால் உள்ளே கிருமி புகுந்திருக்கலாம். பல ஆயிரத்தில் ஓரிரு ஊசிகளுக்கே இது நேர்கிறது. நேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு விடிய விடியக் காத்திருந்தால் கண் போய்விடும்.

ரத்தம் கொட்டி வடியாமல் நின்றாலோ, வடு விழித்திரையை இழுத்தாலோ அறுவை சிகிச்சைதான் வழி. கண்ணுக்குள் மெல்லிய கருவிகளை நுழைத்து ரத்தம் கலந்த கூழ்மத்தை வெட்டி உறிஞ்சி, வடுவை உரித்து எடுப்பார்கள். ராபர்ட் மாக்கிமர் 1970 வாக்கில் அமெரிக்காவின் மயாமியில் தொடங்கிவைத்த முறை. பல கண்களை அது மீட்டிருக்கிறது. ஆனால் இந்தக் கட்டத்துக்கு வந்த பின் எவ்வளவு பார்வை மிஞ்சும் என்று எந்த மருத்துவரும் உறுதி தரமாட்டார்.

சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் போதாதா? நோய் வருவதையும் வளர்வதையும் அது வெகுவாகக் குறைக்கும் என்பது 1993-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்விலேயே உறுதியானது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. பல காலம் ஏறிக் கிடந்த சர்க்கரையைச் சட்டென்று இறக்கும்போது, ஏற்கெனவே பாதிக்கப்பட்ட விழித்திரை சில மாதங்களுக்கு மேலும் மோசமாகலாம். நீண்ட கால நன்மை அதைவிடப் பெரிது. ஆகவே இன்சுலினைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஆனால் புதிதாக இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் வேறு ஊசியோ தொடங்குகிறவர்கள் முதலில் விழித்திரையைக் காட்டிக்கொள்வது நல்லது.

ஆண்டுதோறும் படம் எடுத்துப் பார்ப்பதால் ஒரு நாட்டின் கணக்கே மாறுமா என்பதற்கு இங்கிலாந்து சாட்சி. 2003-இல் அங்கே நாடு தழுவிய பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. வேலை செய்யும் வயதினரின் பார்வையிழப்புக்கு ஐம்பது ஆண்டுகளாக முதல் காரணமாக இருந்த சர்க்கரைக் கண் நோய் அந்த இடத்திலிருந்து இறங்கிவிட்டதாக 2014-இல் அறிவித்தார்கள். தொடர்ந்து இரு முறை விழித்திரை சுத்தமாக இருந்தவர்களை இப்போது அங்கே இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மட்டுமே அழைக்கிறார்கள். அந்தச் சலுகையை நாமே எடுத்துக்கொள்ளக் கூடாது. தேதி தவறினால் கடிதம் போட்டுக் கூப்பிடும் ஏற்பாடு இங்கே இல்லை.

இரண்டாம் வகைச் சர்க்கரை என்று தெரிந்த அன்றே முதல் விழித்திரைப் பரிசோதனைக்கு நேரம் வந்துவிட்டது. ஏனென்றால் நோய் எத்தனை ஆண்டு முன்பே வந்ததோ தெரியாது. முதல் வகை என்றால் ஐந்து ஆண்டுக்குள் தொடங்கலாம். ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண்கள் கருவுற்றால் முதல் மூன்று மாதங்களிலேயே பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் இந்த நோய் வேகமெடுக்கும்.

பவர் பார்ப்பதோடு திரும்பிவிடாதீர்கள். “விழித்திரையைப் பார்த்தீர்களா?” என்று கேட்டு, பார்த்ததைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். சொட்டு மருந்து போட்டால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், பக்கத்து எழுத்து தெரியாது. ஆகவே ஸ்கூட்டரை வீட்டில் விட்டுவிட்டு, கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள்.