மலரா, அலரா?

பூ, மலர், அலர், வீ ஆகிய நான்கும் பூவையே குறிக்கும். ஆனால் சங்கக் கவிஞருக்கு அவை ஒன்றல்ல. ‘வீ’ என்றால் உதிரும் பூ. அச்சொல்லிலேயே முடிவின் சாயல் உண்டு. ‘அலர்’ என்பது விரிந்த பூ. ஊரார் வெளிப்படையாகப் பேசும் காதல் பழியும் அதுதான். சிலர் மட்டும் முணுமுணுக்கும் நிலை ‘அம்பல்’. உரையாசிரியர்கள் அதை விரியக் காத்திருக்கும் பேரரும்புக்கு ஒப்பிட்டார்கள். திருக்குறளின் 115ஆம் அதிகாரம் அலரறிவுறுத்தல்.

தலைவி தன் ஊர்த்துறையில் பூத்திருப்பதைச் சொல்கிறாள் என்று வையுங்கள். ‘மலர்’ என்றால் அழகிய காட்சி, அவ்வளவுதான். ‘அலர்’ என்றால் பூவோடு ஊர்வாயும் திறக்கிறது. தொனியில் அச்சம் ஏறுகிறது.

ஓசைக்காகச் செய்த தேர்வோ? இரண்டுமே நிரையசை, சீர் மாறாது. மாறக்கூடியது மோனை. அடியில் அகர மோனை இருந்தால் ஓசையும் காரணமாகலாம். களவுக் காதலோ ஊர்ப்பேச்சோ இல்லாத பாட்டில் ‘அலர்’ வெறும் பூதான். அங்கே பழியைத் தேடுவது வாசகரின் மிகை.