23-ஆம் கேள்வியின் காலிக் கட்டம்

கொள்குறி வினாத் தேர்வு முடிந்ததும் விடைக்குறிப்பு எப்படி வரும் என்பது ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். 50 கேள்வி என்றால் தாளில் ஐந்து பத்தி, பத்திக்குப் பத்து வரி. கட்டத்துக்குள் எண், பக்கத்தில் A, B, C, D. ஒரு பக்கத்துக்குள் அடங்கும், கண்ணுக்கும் வசதி. ஆனால் மதிப்பெண் போட வேண்டியது கணினி என்றால் இந்த அமைப்பு உதவாது. ஒரு வரிக்கு ஒரு கேள்வி, அதன் எதிரே ஒரு விடை என 50 வரிகள் அதற்கு வேண்டும். வேலை இவ்வளவுதான். முழுக்க முழுக்கத் தவறான ஒரு மதிப்பெண் பட்டியல், பார்வைக்குச் சரியானது போலவே இந்த இடத்தில்தான் உருவாகிறது.

முதல் சிக்கல், அட்டவணையை எந்தத் திசையில் படிப்பது என்பது. அச்சில் 1 முதல் 10 வரை மேலிருந்து கீழாக ஓடும்; 11 அடுத்த பத்தியின் தலையில் இருக்கும். கணினிக்கு அது தெரியாது. எக்செலின் புதிய பதிப்புகளிலும் கூகுள் ஷீட்ஸிலும் அட்டவணையை ஒரே பத்தியாக நீட்டித் தரும் சூத்திரம் ஒன்று உண்டு. விடை எழுத்துகள் மட்டும் B2 முதல் F11 வரை இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்.

```
=TOCOL(B2:F11)
=TOCOL(B2:F11,0,TRUE)
```

முதலாவது இடமிருந்து வலமாகப் படிக்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது. அது மேலிருந்து கீழாகப் படிக்கும். மாற்றிப் போட்டுவிட்டால் 2-ஆம் கேள்விக்கு 11-ஆம் கேள்வியின் விடை வந்து உட்காரும். ஆனால் 1-ம் 50-ம் எந்தத் திசையில் படித்தாலும் சரியாகவே இருக்கும். முதல் கேள்வியையும் கடைசிக் கேள்வியையும் பார்த்துவிட்டு 'சரி' என்று தலையாட்டுகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். பார்க்க வேண்டியவை 2-ஆம் கேள்வியும், பத்தி மாறுகிற இடமான 10, 11-ம்.

இரண்டாவது சிக்கல் இன்னும் பொல்லாதது. பல விடைக்குறிப்புகளில் எண்கள் ஒரு வரியிலும் விடைகள் அதன் கீழ் வரியிலும் இருக்கும். 23-ஆம் கேள்வியில் பிழை, அதை நீக்கிவிட்டார்கள், கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டார்கள் என்றால் அந்தப் பகுதி இப்படி இருக்கும்:

```
21 22 23 24 25 26 27 28 29 30
A  C     D  B  B  A  C  D  A
```

பி.டி.எஃப். கோப்பிலிருந்து இதை நகலெடுத்து ஒட்டும்போது வெற்றிடம் மறைந்துவிடுகிறது. பத்து எண்களுக்கு ஒன்பது எழுத்துகள்தான் மிஞ்சும். 24-இன் விடையான D 23-க்குப் போகிறது, 25-இன் B 24-க்கு. 25-க்கு மட்டும் தற்செயலாகச் சரியான விடையே கிடைக்கிறது, 26-இன் விடையும் B என்பதால். 30-க்கு 31-இன் விடை. இப்படியே கடைசிவரை ஓரிடம் நகர்ந்துவிடும். எல்லாவற்றையும் சரியாக எழுதிய மாணவிக்கு முதல் 22 கேள்விகள் தப்பிக்கும். மீதி, குருட்டாம்போக்கில் கிடைப்பதைப் போல நான்கில் ஒன்றுதான். 50 வாங்க வேண்டியவர் 30-ஐ ஒட்டி வாங்குவார். எங்கும் பிழைச் செய்தி வராது. TOCOL சூத்திரத்தில் நடுவே இருக்கும் 0-வை 1 என்று மாற்றினாலும் இதே கதிதான். 1 என்றால் காலிக் கட்டங்களைத் தள்ளிவிடு என்று பொருள்.

எண்ணும் விடையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருந்தால் கவலை குறைவு. அப்போது விடைகளைத் தனியே பிரிக்காமல் ஜோடியாகவே எடுத்துவிட வேண்டும். பைத்தானில் இரண்டு வரி போதும்.

```
import re
pairs = re.findall(r"(\d+)\s*[.)]?\s*([A-D])", text)
```

`text` என்பது நகலெடுத்த எழுத்துகள். '3 A 13 C 23 33 D 43 B' என்று இருந்தால் 23-க்குப் பின்னால் எழுத்து இல்லை என்பதால் அந்த எண் மட்டும் விடுபடும். 33 தன் விடையோடு பத்திரமாக வரும். எந்த வரிசையில் வந்தாலும் எண்படி அடுக்கிக்கொள்ளலாம். 50-க்கு 49 ஜோடிதான் வந்தது என்றால் எது இல்லை என்று தேடத் தோன்றும். இங்கே தவறு தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறது. முந்தைய முறையில் அது ஒளிந்துகொண்டது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் நான் எப்போதும் ஜோடியையே எடுப்பேன்.

தமிழ் வினாத்தாள்களுக்கு மட்டுமே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. விருப்பங்கள் அ, ஆ, இ, ஈ என்றிருக்கும் தாளைப் பாமினி எழுத்துருவில் தட்டியிருந்தால், நகலெடுக்கும்போது அ என்பது m ஆகவும் ஆ என்பது M ஆகவும் விழும். இ என்பது வெறும் காற்புள்ளியாக வரும். சி.எஸ்.வி. கோப்பில் காற்புள்ளிதான் பத்திகளைப் பிரிக்கும் குறி. விடை 'இ' ஆன கேள்விகளில் எல்லாம் விடை இருக்க வேண்டிய இடம் காலியாகிவிடும். கோப்பாக்கும் முன்பே நான்கையும் A, B, C, D என்று மாற்றிவிடுவது நல்லது.

இனி, நீக்கப்பட்ட கேள்வியையும் இரண்டு விடை சரியான கேள்வியையும் எப்படி எழுதுவது? காலியாக மட்டும் விடக்கூடாது. எல்லோருக்கும் மதிப்பெண் என்றால் ஒரு நட்சத்திரக் குறி, இரண்டும் சரி என்றால் இரண்டு எழுத்தும் சேர்த்து.

```
qno,key
22,C
23,*
24,D
41,BD
```

B பத்தியில் சரியான விடை, C பத்தியில் மாணவர் குறித்தது என்றால், சூத்திரம் இது:

```
=IF(B2="*",1,IF(C2="",0,IF(ISNUMBER(FIND(C2,B2)),1,0)))
```

நடுவில் இருக்கும் `C2=""` என்ற சோதனையை வெட்டிவிடாதீர்கள். எக்செலின் FIND, வெற்றிடத்தைத் தேடச் சொன்னால் 'கிடைத்தது' என்றே பதில் சொல்லும். விடை எழுதாதவருக்கும் மதிப்பெண் விழுந்துவிடும். SEARCH என்ற சூத்திரத்தையும் இங்கே தவிர்க்க வேண்டும். அது நட்சத்திரத்தை 'எதுவாக இருந்தாலும் சரி' என்று எடுத்துக்கொள்ளும். இரண்டு வட்டங்களைக் கறுப்பாக்கியவரின் விடையை ஸ்கேனர் நட்சத்திரமாகப் பதிந்தால், அவருக்கும் ஒரு மதிப்பெண் இனாமாகப் போகும்.

மதிப்பெண் வந்தபின் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை பேர் சரி என்று எண்ணுங்கள். வெறுமனே குறைவாக இருந்தால் அது கடினமான கேள்வியாகவும் இருக்கலாம். ஆனால் நன்றாகப் படிக்கிறவர்கள் எல்லோரும் ஒரே 'தவறான' விடையைச் சொல்லியிருக்கிறார்கள், கடைசி வரிசைக்காரர்கள் சிலர்தான் 'சரி' என்றால் விடைக்குறிப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அப்படி ஒரு கேள்வி மட்டும் தென்பட்டால் தட்டச்சுப் பிழை. ஓர் எண்ணிலிருந்து தொடர்ச்சியாக எல்லாமே அப்படி என்றால், காலிக் கட்டம் ஒன்று விழுங்கப்பட்டிருக்கிறது. அது எங்கே என்பதையும் அந்த எண்ணே சொல்லிவிடும்.

விடைகள் தனித்தனி வரியாக இருந்தால் பின்னால் வரும் திருத்தமும் சுலபம். 2024 நீட் தேர்வில் ஓர் இயற்பியல் கேள்விக்கு இரண்டு விடைகளையும் சரி என்று முதலில் ஏற்றுக்கொண்டார்கள். உச்ச நீதிமன்றம் டெல்லி ஐ.ஐ.டி.யிடம் கருத்துக் கேட்டது. நான்காவது விருப்பம் மட்டுமே சரி என்று பதில் வந்தது. விடைப் பட்டியலில் மாறியது அந்த ஒரு கேள்வியின் விடைதான். இரண்டாவது விருப்பத்தைக் குறித்தவர்களுக்குக் கிடைத்திருந்த 4 போய், தவறான விடைக்கான 1-ம் கழிந்து, ஆளுக்கு 5 குறைந்தது. 720-க்கு 720 வாங்கியிருந்தவர்களில் 44 பேர் 715-க்கு இறங்கினார்கள்.